பதியவில்லையா, தங்கவில்லையா?

கே: மகனுக்கு மறதி அதிகம். எந்த மருந்து நல்லது?

வயது இல்லை, வகுப்பு இல்லை, எதை மறக்கிறான் என்பதும் இல்லை. தண்ணீர் பாட்டிலைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவதும் மறதிதான், நேற்றுக் கல்யாணத்துக்குப் போனதே நினைவில்லை என்பதும் மறதிதான். முதலாவதற்கு மருந்து வேண்டாம். இரண்டாவது என்றால் நாளையே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். கடையில் விற்கும் ஞாபகசக்தி டானிக் இரண்டுக்குமே உதவாது.

கே: 9 வயது மகனுக்கு ஓர் இடத்தில் டெஸ்ட் எடுத்தோம். டிஜிட் ஸ்பான் நேராக 4, தலைகீழாக 2. "நினைவாற்றல் குறைபாடு" என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்கள். இது சரியாகுமா?

முதலில் அது குறைபாடுதானா என்று கேளுங்கள். இப்படி ஒரு ரிப்போர்ட் மாதம் ஒன்றாவது என் மேசைக்கு வந்துவிடுகிறது. எல்லாவற்றிலும் அதே எண், அதே வாக்கியம்.

நொடிக்கு ஓர் இலக்கமாகச் சொல்லிப் பிள்ளையை அதே வரிசையிலும், பிறகு கடைசியிலிருந்து முதலுக்கும் சொல்லவைக்கும் ஐந்து நிமிட டெஸ்ட் அது. காதில் விழுந்ததைச் சில நொடிகள் பிடித்து வைத்திருக்க முடிகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. நேற்றுப் படித்தது இன்று இருக்கிறதா என்பதற்கும் இதற்கும் தூரத்துச் சொந்தம்தான். வெளியே ஒரு ஹாரன் அடித்தால் ஓர் இலக்கம் போச்சு. 9 வயதில் பொதுவாக நேராக 5, தலைகீழாக 3 வரும். உங்கள் மகனுக்கு ஒவ்வொன்றிலும் ஒன்று குறைகிறது, அவ்வளவே. எந்த மொழியில் கேட்டார்கள் என்றும் பாருங்கள். வெல்ஷ் மொழியில் எண்களைச் சொல்ல ஆங்கிலத்தைவிட நேரம் கூடுதலாகும், அதனாலேயே அந்த மொழியில் ஸ்பான் குறைந்து தெரிகிறது என்று 1980-இலேயே காட்டிவிட்டார்கள். பிள்ளை மனதுக்குள் எந்த மொழியில் எண்ணுகிறானோ அதில்தான் கேட்க வேண்டும்.

அரை மணி நேரம் கழித்துக் கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் நினைவாற்றல் பற்றி அந்த ரிப்போர்ட்டுக்குச் சொல்ல எதுவும் இல்லை.

நான் நம்புவது சொற்பட்டியல் டெஸ்டை. 15 சொற்களைப் படித்துக் காட்டி, நினைவில் இருப்பதைச் சொல்லச் சொல்வோம். அதே பட்டியலை இப்படி ஐந்து முறை. அப்புறம் வேறு 15 சொற்கள் கொண்ட ஒரு பட்டியல், குழப்புவதற்கென்றே. உடனே பழைய பட்டியலைக் கேட்போம், 30 நிமிடம் கழித்து மறுபடியும் கேட்போம். கடைசியில், பழைய சொற்களோடு புதிய சொற்களையும் கலந்து ஒவ்வொன்றாகச் சொல்லி, "இது பட்டியலில் இருந்ததா?" என்று கேட்போம்.

இரண்டு பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவருக்கும் வயது 10, இருவரும் வந்த காரணம் "படித்தது நிற்கவில்லை". ஒருவன் ஐந்து சுற்றில் சொன்னது 4, 8, 6, 10, 11. மூன்றாவது சுற்றில் சரிந்ததே, அப்போது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். முந்தைய சுற்றில் சொன்ன "மணி" அதில் காணாமல் போய் நான்காவதில் திரும்பி வந்தது. 30 நிமிடம் கழித்து 10. கலந்து கேட்டபோது 14 சொற்களைச் சரியாக அடையாளம் காட்டினான். உள்ளே போனது உள்ளேயே இருக்கிறது, வாசலில்தான் தகராறு. இவனுக்குப் பார்க்க வேண்டியது கவனம்.

மற்றவன் சமர்த்தாக உட்கார்ந்து 5, 7, 9, 10, 10 என்று ஏறினான். ஆசிரியருக்குப் பிடித்த மாதிரியான பிள்ளை. 30 நிமிடம் கழித்து 3. கலந்து கேட்டபோதும் பாதிதான் சரி, பட்டியலில் இல்லாத சொற்களுக்கும் "ஆமாம்" என்றான். குறிப்பு கொடுத்தும் வரவில்லை என்றால் தங்கவே இல்லை என்று பொருள். தோண்டிக் கேட்டதில், பிறந்தவுடன் அழாமல் பல நாள் தீவிர சிகிச்சையில் இருந்தது தெரிந்தது. இவனைத்தான் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன். டிஜிட் ஸ்பானில் இவனுக்கு 6, முதலாமவனுக்கு 4. அந்த ஒற்றை எண்ணை நம்பியிருந்தால் இரண்டு பேரையும் தவறான பக்கம் அனுப்பியிருப்பேன்.

ஓர் எச்சரிக்கை. ஐந்து சுற்றிலும் நாலு, ஐந்து சொற்களிலேயே நின்றுவிடும் பிள்ளையிடம் "தங்கியதா" என்று கணக்குப் பார்க்க முடியாது, தங்குவதற்கு உள்ளே போனதே கொஞ்சம். அப்போது கதை, படம் என்று வேறு வழியில் பார்க்க வேண்டும். கவனமும் நினைவும் சேர்ந்தே பழுதாக இருக்கும் பிள்ளைகளும் உண்டு.

கே: பத்து வருட கிரிக்கெட் ஸ்கோர் ஒப்பிக்கிறான். அப்படியென்றால் ஞாபகசக்தி நன்றாகத்தானே இருக்கிறது?

பெரும்பாலும் ஆமாம். பிடித்ததில் கவனம் தானாக வரும், பாடத்தில் வராது. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சிறு வயதிலேயே மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதி பாதிக்கப்பட்ட மூன்று இளம் நோயாளிகளைப் பற்றி 1997-இல் நரம்பியல் உளவியலாளர் வர்கா-காடெமின் குழு எழுதியது. அவர்கள் சாதாரணப் பள்ளியில்தான் படித்தார்கள், பேச்சும் பொது அறிவும் ஏறக்குறைய இயல்பாக இருந்தன. ஆனால் அன்றைக்கு நடந்தது, வைத்த பொருள், சொன்ன செய்தி எதுவும் நிற்கவில்லை. அதனால் ஸ்கோரை விடுங்கள். "நேற்று மத்தியானம் யாரோடு சாப்பிட்டாய், என்ன நடந்தது?" என்று கேளுங்கள். அதைக் கோவையாகச் சொல்கிறானா?

கே: இரவில் பாடத்தை அப்படியே ஒப்பிக்கிறாள், காலையில் பாதி இல்லை. (7-ஆம் வகுப்பு மாணவியின் அப்பா)

படித்து முடித்த கையோடு ஒப்பிக்கச் சொன்னீர்கள், இல்லையா? அது எதிரொலி. புத்தகத்தை மூடி, சாப்பிட்டுவிட்டு வந்து, அரை மணி நேரம் கழித்துக் கேளுங்கள். காலையில் வராத வரிக்கு முதல் சொல்லை எடுத்துக் கொடுங்கள். கடகடவென்று வந்தால் பாடம் உள்ளே இருக்கிறது, எடுக்கத்தான் வரவில்லை. எடுத்துக் கொடுத்தும் வராமல், இது எல்லாப் பாடத்திலும் வாரக்கணக்கில் தொடர்ந்தால் முழு டெஸ்ட் எடுங்கள். எத்தனை மணிக்குத் தூங்குகிறாள் என்று எழுதவே இல்லையே. பதினொன்றரை என்றால் டெஸ்டுக்கு முன்னால் அதைத் திருத்துங்கள்.

கே: நான் ஆசிரியை. 8 வயதுப் பெண், பாதி வாக்கியத்தில் அப்படியே நின்றுவிடுகிறாள். கவனக்குறைவு என்று பெற்றோரிடம் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். தோளைத் தொட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள். பகல்கனவு என்றால் உடனே திரும்புவாள். சுமார் 10 நொடி கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையாமல், இமை லேசாகத் துடித்து, பிறகு எதுவுமே நடக்காததுபோல் விட்ட இடத்தில் தொடர்ந்தால் அது ஆப்சன்ஸ் வலிப்பாக இருக்கலாம். ஒரு நாளில் பல முறை வரும், ஒவ்வொரு முறையும் பாடத்தில் ஓர் ஓட்டை விழும். பார்க்கிறவர்களுக்கு அது மறதிபோலத் தெரியும். முடிந்தால் கைபேசியில் வீடியோ எடுத்துப் பெற்றோரிடம் மட்டும் கொடுங்கள். மருத்துவர் மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்லி, மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி எடுத்துப் பார்ப்பார். மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் வலிப்பு இது.

கே: போன மாதம்தான் டெஸ்ட் எடுத்தோம். திருப்தி இல்லை. வேறு இடத்தில் அதையே மறுபடி எடுக்கலாமா?

கூடாது. பட்டியல் பிள்ளைக்குப் பழகியிருக்கும், எண் பொய்யாக ஏறும். ஆறு மாதமாவது போகட்டும், இல்லையென்றால் மாற்றுப் பட்டியல் கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டைக் கட்டாயம் கையில் கொண்டு போங்கள். அதில் 30 நிமிட எண் இருக்கிறதா என்று இப்போதே புரட்டிப் பாருங்கள். காது டெஸ்ட் எடுத்தீர்களா என்றும் எழுதவில்லை. அதற்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம்.