நடைபாதையில் கடைப்படி: நகராட்சிப் பொறியாளருக்கு மனு எழுதுவது எப்படி?

கேள்வி: எங்கள் கடைவீதியில் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் நடைபாதை மேலேயே சிமெண்ட் படி கட்டி, அதற்கு முன்னால் பெயிண்ட் டப்பா, குழாய் எல்லாம் அடுக்கிவிட்டார். வயதானவர்கள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள். நகராட்சிப் பொறியாளருக்கு ஒருமுறை எழுதினேன், ஒன்றும் நடக்கவில்லை. எப்படி எழுதினால் நடவடிக்கை எடுப்பார்கள்?

பதில்: உங்கள் முதல் மனுவில் "கடைவீதியில் ஆக்கிரமிப்பு அதிகமாக உள்ளது, தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்கிற மாதிரி எழுதியிருந்தால், அதை மூடுவது அலுவலகத்துக்கு மிகச் சுலபம். ஒரு பணியாளர் போவார். கடைக்காரர் டப்பாக்களை உள்ளே இழுத்துக்கொள்வார். "கள ஆய்வு செய்யப்பட்டது, கடை உரிமையாளருக்கு அறிவுறுத்தப்பட்டது" என்று குறிப்பெழுதிக் கோப்பை முடித்துவிடுவார்கள். மறுநாள் டப்பாக்கள் வெளியே வரும், படி இருந்த இடத்திலேயே இருக்கும். இப்படி முடிக்க முடியாத மனுவாக எழுத வேண்டும். அதற்கு வேண்டியது அளவு.

ஒரு டேப் எடுத்துக்கொள்ளுங்கள். சாலையோரக் கல்லின் விளிம்பிலிருந்து கடைச் சுவர் வரை மொத்தம் எவ்வளவு, சுவரிலிருந்து படி எவ்வளவு தூரம் வெளியே வந்திருக்கிறது, படிக்கு முன்னால் சாமான் எவ்வளவு தூரம் நிற்கிறது, கடைசியில் நடக்க மிஞ்சுவது எவ்வளவு என்று நான்கு அளவு எடுங்கள். கடைக்குள் நுழைய வேண்டியதில்லை, பொது இடத்தில் நின்றே அளக்கலாம். உதாரணமாக மொத்தம் 180 செ.மீ., படி 75, சாமான் 60 என்றால் மிச்சம் 45 செ.மீ. தான். ஒரு சக்கர நாற்காலி போகவே 90 செ.மீ. வேண்டும். பாதசாரி வசதிகளுக்கான இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டி, தடையில்லாத நடைபாதை அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. பொறியாளருக்கு இது நன்றாகத் தெரியும். எண்ணோடு மனு வந்தால் அவரும் எண்ணோடுதான் பதில் எழுத வேண்டியிருக்கும்.

டேப்பை விரித்து வைத்தபடியே ஒரு படமும், சற்றுத் தள்ளி நின்று கடைப் பெயர்ப் பலகையும் நடைபாதையும் சேர்ந்து தெரிய ஒரு படமும் எடுங்கள். வேறு வேறு நாளில், வேறு வேறு நேரத்தில் எடுத்த படங்களாக இருந்தால் இன்னும் நல்லது. "அன்றைக்கு மட்டும் லோடு இறக்கி வைத்திருந்தோம்" என்ற பதிலுக்கு அப்போது இடமிருக்காது.

அடுத்தது, படியையும் சாமானையும் ஒரே வாக்கியத்தில் எழுதாதீர்கள். சாமான் நகரக்கூடியது, அதை அப்புறப்படுத்த நீண்ட நடைமுறை வேண்டாம். படி கட்டுமானம். அதை இடிக்கக் கடைக்காரருக்கு முதலில் நோட்டீஸ் கொடுத்து, பதில் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். அதனால் "உடனே இடியுங்கள்" என்று எழுதுவது நமக்கே பாதகம். நோட்டீஸ் இல்லாமல் இடிக்க வந்தால், அதையே காரணம் காட்டிக் கடைக்காரர் நீதிமன்றத்தில் தடை வாங்கிவிடலாம். பிறகு பல மாதம் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

படிக்குக் கீழே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். பெரும்பாலும் மழைநீர் வடிகால்தான் இருக்கும். நடைபாதை என்று நாம் நடப்பதே அந்த வடிகாலின் மூடிப் பலகை மேல்தான். அதன் மேல் சிமெண்ட் போட்டுவிட்டால் பலகையைத் தூக்க முடியாது, தூர்வார முடியாது, மழைக்குத் தண்ணீர் சாலையில் தேங்கும். பாதசாரி சிரமப்படுகிறார் என்பதைவிட வடிகால் அடைபட்டிருக்கிறது என்ற வரி பொறியாளரைச் சீக்கிரம் அசைக்கும். வடிகால் அவர் பிரிவின் நேரடிப் பொறுப்பு. "இது நகரமைப்புப் பிரிவு பார்க்க வேண்டியது" என்று அவர் தள்ளிவிட முடியாது. இந்தத் தள்ளிவிடல்தான் மனுக்களைக் கொல்கிறது. பொறியியல் பிரிவிலிருந்து நகரமைப்புக்கு, அங்கிருந்து சுகாதாரப் பிரிவுக்கு என்று ஒரே கட்டடத்துக்குள் ஒரு தாள் மாதக்கணக்கில் சுற்றுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. நோட்டீஸ் அனுப்பும் அதிகாரம் ஆணையரிடம் இருப்பதால் நகல் அவருக்கும் போக வேண்டும்.

மனு கொடுக்கும் முன் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: அந்த இடம் உண்மையிலேயே நகராட்சியுடையதுதானா? கட்டடம் கட்டும்போது முன்னால் விட வேண்டிய காலியிடத்தைச் சிலர் நடைபாதை மட்டத்திலேயே விட்டு, அதே தளக்கல்லைப் பதித்திருப்பார்கள். பார்ப்பவருக்கு எல்லாம் நடைபாதையாகத் தெரியும், ஆனால் அதில் சில அடி கடைக்காரரின் பட்டா நிலம். அங்கே படி கட்டியிருந்தால் அது கட்டட விதி சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கலாம், நடைபாதை ஆக்கிரமிப்பு ஆகாது. கடைக்காரர் பட்டாவை நீட்டியதும் உங்கள் மனு அங்கேயே செத்துவிடும். அதன்பின் உண்மையான ஆக்கிரமிப்பைப் பற்றி எழுதினாலும் "இவர் சும்மா எழுதுகிறவர்" என்று ஒதுக்குவார்கள். கண்டுபிடிக்க எளிய வழி, வடிகாலைப் பார்ப்பது. படி வடிகால் பலகை மேலேயோ அதற்கும் சாலைப் பக்கமாகவோ வந்திருந்தால் பெரும்பாலும் சந்தேகமில்லை. வடிகாலுக்கும் சுவருக்கும் நடுவில் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். பக்கத்துப் பழைய கட்டடங்களின் முன்சுவர்களை ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தாலும் ஓரளவு புரியும். அப்படியும் தெளியாவிட்டால் eservices.tn.gov.in தளத்தில் அந்த இடத்தின் நகர நில அளவைப் பதிவேட்டு விவரத்தை எடுத்துப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் "ஆக்கிரமிப்பு" என்று அடித்துச் சொல்லாமல், "நகராட்சி எல்லையை நில அளவர் மூலம் அளந்து உறுதி செய்யவும்" என்று கேளுங்கள்.

சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருந்தால் மனு அந்தத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளருக்குப் போக வேண்டும். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு மனுவில் ஒரு கடை மட்டும். இப்படி எழுதலாம்:

அனுப்புநர்: (பெயர், முழு முகவரி)
பெறுநர்: நகராட்சிப் பொறியாளர், ______ நகராட்சி
நகல்: ஆணையர், ______ நகராட்சி

பொருள்: ______ தெரு, கதவு எண் __ முன்புறம் நடைபாதை மற்றும் மழைநீர் வடிகால் மீதான ஆக்கிரமிப்பை அகற்றக் கோருதல்.
பார்வை: எனது முந்தைய மனு, நாள் ______.

ஐயா / அம்மையீர்,

மேற்படி முகவரியில் உள்ள கடையின் முன் நடைபாதையின் மொத்த அகலம் 180 செ.மீ. இதில்,

1. நிரந்தரமாகக் கட்டப்பட்ட சிமெண்ட் படி 75 செ.மீ. அகலத்துக்கு உள்ளது. இது வடிகால் மூடிப் பலகையின் மேல் அமைந்திருப்பதால் பலகையைத் திறந்து தூர்வார இயலாது.
2. விற்பனைப் பொருட்கள் மேலும் 60 செ.மீ. அகலத்துக்கு வைக்கப்பட்டுள்ளன.

நடப்பதற்கு 45 செ.மீ. மட்டுமே எஞ்சியுள்ளதால் பாதசாரிகள் சாலையில் இறங்கி நடக்கின்றனர்.

எனவே, இடத்தை அளந்து அறிக்கை தயாரிக்கவும், பொருட்களை உடனே அகற்றவும், படியை அகற்ற உரிய நோட்டீஸ் வழங்கி நடவடிக்கை எடுக்கவும், எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: படங்கள் (எடுத்த நாளுடன்), முந்தைய மனுவின் நகல்.

இடம், நாள், கையொப்பம்.

இவ்வளவு போதும். "கடைக்காரர் பணம் கொடுத்திருக்கிறார்", "அதிகாரிகள் கண்டுகொள்வதில்லை" போன்ற வரிகள் வேண்டாம். நிரூபிக்க முடியாத ஒரு வரி, நிரூபிக்கப்பட்ட நான்கு அளவையும் பலவீனமாக்கிவிடும். பெயரில்லாத மொட்டைக் கடிதமும் வேண்டாம். தனியாகக் கையெழுத்துப் போடத் தயக்கமாக இருந்தால் அதே தெருவாசிகள் நாலைந்து பேர் சேர்ந்து போடுங்கள்.

இனி, நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல வேண்டியது. மனுவை யார் கையிலும் கொடுத்தனுப்பாதீர்கள். அலுவலக வாசலில் "உள்ளே எனக்கு ஆள் இருக்கிறது, நான் முடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். உங்களிடம் பணம் வாங்குவார், அதே மனுவின் நகலைக் கடைக்காரரிடம் காட்டி அங்கேயும் வாங்குவார். அதன்பின் மனு எங்கும் பதிவாகியிருக்காது. இதைவிட மோசமானது, "அனுபந்தம் சேர்க்க வேண்டும்" என்று வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பது. அந்தத் தாள் "புகாரைத் திரும்பப் பெறுகிறேன்" என்ற கடிதமாக மாறிக் கோப்பில் உட்கார்ந்துவிடும். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. இந்த மனுவுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. வார்டு பிரமுகர் "பேசிக்கொள்ளலாம்" என்றாலும், பேச்சு நடக்கட்டும், மனு கோப்பிலேயே இருக்கட்டும்.

நீங்களே தபால் பிரிவுக்குப் போய், இரண்டாவது பிரதியில் முத்திரை, நாள், பதிவு எண் மூன்றையும் வாங்குங்கள். பொறியாளர் கையிலேயே நேராகக் கொடுத்தாலும் இந்த எண் இல்லாவிட்டால் கொடுத்ததற்குச் சாட்சி கிடையாது. முத்திரை தர மறுத்தால் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், அஞ்சலகத்தில் விரைவுத் தபால் என்றே கேளுங்கள். முதலமைச்சர் உதவி மையத்தின் 1100 எண்ணிலும், ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம். ஆனால் அங்கே கொடுத்த மனுவும் சுற்றி வந்து இதே நகராட்சிக்குத்தான் சேரும். "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது" என்று வரும் குறுஞ்செய்தியைத் தீர்வு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு மாதம் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்கு விளக்கம் தர இந்தச் சட்டத்தில் கட்டாயம் இல்லை என்று தட்டிக்கழிப்பார்கள். ஆவணமாகக் கேளுங்கள்: இந்தப் பதிவு எண் கொண்ட மனு மீதான கோப்புக் குறிப்புகளின் நகல், கள ஆய்வு நடந்த நாள், அளவீட்டு அறிக்கையின் நகல், கடைக்காரருக்கு அனுப்பிய நோட்டீஸின் நகல். நோட்டீஸே அனுப்பவில்லை என்றால் அதை எழுத்தில் சொல்ல வேண்டி வரும். அந்த விண்ணப்பம் மேசைக்கு வந்த பிறகுதான் பல இடங்களில் முதல்முறையாக டேப்போடு ஆள் வருகிறார். மக்கள் இவ்வளவு தூரம் போக வேண்டியிருப்பது வெட்கக்கேடு.

படியை இடித்த பிறகு சாமான் திரும்ப வருவதும் உண்டு. அப்போது புதிதாக நீண்ட மனு எழுத வேண்டாம். பழைய பதிவு எண்ணைப் பார்வையில் குறிப்பிட்டு, "__ தேதி அகற்றிய ஆக்கிரமிப்பு __ தேதி முதல் மீண்டும் வைக்கப்பட்டுள்ளது" என்ற ஒரு வரியும், அதே இடத்தில் அதே கோணத்தில் எடுத்த படமும் அனுப்புங்கள். அகற்றும்போது உடைந்த வடிகால் பலகையை மாற்றிப் போடவில்லை என்றால் அதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள். திறந்து கிடக்கும் வடிகால், படியைவிட ஆபத்தானது.