ஸ்டெப்னி இல்லாத லாரி

வணக்கம். அம்மாவின் ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியை வாகனக் கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றின் பங்கில் போட்டிருக்கிறேன். போன காலாண்டில் வாராக்கடன் கூடவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனால் வரக்கூடிய கடன் நஷ்டத்துக்காக எடுத்துவைக்கும் ஒதுக்கீட்டை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றி லாபத்தைக் குறைத்துவிட்டார்கள். கடன் வாங்கியவர்கள் தவணை கட்டிக்கொண்டிருக்கும்போது நஷ்டக் கணக்கு எதற்கு? இது கண்துடைப்பு இல்லையா? பங்கை விற்றுவிடலாமா?

— க., ஈரோடு

அன்புள்ள க.,

விற்பதா வைத்திருப்பதா என்று நான் சொல்லப்போவதில்லை. அம்மாவின் பணம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. அதனால்தான் உடனே எழுதுகிறேன். ஆனால் 'கண்துடைப்பு' என்ற சொல்லை இவ்வளவு சுலபமாகப் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை. லாபம் ஏறியபோது அதே கணக்கை நீங்கள் சந்தேகப்படவில்லையே.

எழுத வருவதற்கு முன் சங்ககிரிப் பக்கம் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் வசூல் வேலை பார்த்தேன். 2008 கடைசியில் லோடு குறைந்து, லாரி வாடகை சரிந்த நேரம். ஒரு லாரிக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், 'வாங்க தம்பி' என்று உட்காரவைத்து, அந்த மாத டியூவைச் சரியாக எண்ணிக் கொடுத்தார். வெளியே வரும்போது வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தேன். ஸ்டெப்னி மாட்டும் இடம் காலியாக இருந்தது. பின் சக்கரங்களில் நான்கு நல்ல டயர்களைக் கழற்றிவிட்டு, வழவழவென்று தேய்ந்த பழைய டயர்களை மாட்டியிருந்தார்கள். நான் கையில் வைத்திருந்தது டயர் விற்ற காசு.

அலுவலகத்தில் சொன்னேன். 'டியூ வந்துருச்சுல்ல, அப்புறம் என்ன?' என்றார் மேனேஜர். பதிவேட்டில் அந்தக் கடன் சுத்தமான கடன். மூன்று மாதம் கழித்துத் தவணை நின்றது. அதற்கப்புறம் பல மாதம் ஆனபோதுதான் புத்தகத்தில் நஷ்டம் என்று ஒரு வார்த்தை ஏறியது. க., அந்த நஷ்டம் எப்போது வந்தது? புத்தகத்தில் ஏறிய அன்றா, ஸ்டெப்னி விற்கப்பட்ட அன்றா?

பழைய கணக்குமுறை 'புத்தகத்தில் ஏறிய அன்று' என்று சொன்னது. நஷ்டம் நடந்துவிட்டதற்குச் சான்று வேண்டும் என்றது. 2008 நெருக்கடியில் உலகம் முழுக்க வங்கிகள் ஒதுக்கியது குறைவு, ஒதுக்கிய நேரமும் தாமதம் என்று தெரிந்த பிறகுதான் அந்த முறையை மாற்றினார்கள். 2014இல் வந்த ஐ.எஃப்.ஆர்.எஸ். 9 என்ற சர்வதேசக் கணக்கு விதி 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நம் ஊரில் பெரிய நிதி நிறுவனங்களுக்கு அதே வழியில் இந்திய விதி 2018 ஏப்ரலில் தொடங்கியது. வங்கிகள் 2025இலும் பழைய வழியில்தான் போய்க்கொண்டிருந்தன. 2027 ஏப்ரல் முதல் மாறுவதற்கு ரிசர்வ் வங்கி 2025 அக்டோபரில் வரைவு வெளியிட்டது.

புதிய விதிப்படி கணக்குப் போட நிறுவனங்கள் பொதுவாக மூன்றைப் பெருக்குகின்றன: கடன் நின்றுபோக எவ்வளவு வாய்ப்பு, நின்றால் நூற்றுக்கு எவ்வளவு திரும்பாது, அப்போது பாக்கி எவ்வளவு. ஆயிரம் லாரிக் கடன், ஒவ்வொன்றும் 10 லட்சம், மொத்தம் 100 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒழுங்காகக் கட்டப்படுகிறது. அப்போதும் அடுத்த 12 மாதத்தில் 100க்கு 2 நிற்கும், நின்றால் வண்டியை விற்ற பிறகும் 40 சதவீதம் திரும்பாது என்று அனுபவம் சொன்னால், 80 லட்சம் ஒதுக்க வேண்டும். இது ஸ்டேஜ் 1.

இப்போது வாடகை சரிகிறது. 150 பேருக்குத் தவணை 30 நாளுக்கு மேல் தள்ளிப்போகிறது. 90 நாள் தாண்டினால்தான் வாராக்கடன். ஒருவர்கூட அதைத் தொடவில்லை, அதனால் வாராக்கடன் பூஜ்யம். ஆனால் கடன் கொடுத்த நாளோடு ஒப்பிட்டால் அபாயம் வெகுவாகக் கூடியவர்கள் ஸ்டேஜ் 2க்குப் போகவேண்டும். 30 நாள் தாண்டினால் அப்படிக் கூடிவிட்டதாகவே விதி எடுத்துக்கொள்கிறது, இல்லை என்று காட்டும் பொறுப்பு நிறுவனத்துடையது. அங்கே போனதும் 12 மாதம் என்ற வரம்பு போய்விடும். கடன் முடியும் வரை உள்ள மொத்த ஆண்டுகளுக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். அந்த 15 கோடிக்கு வாய்ப்பு 20 சதவீதம் என்றால் ஒதுக்கீடு 1.2 கோடி. மீதி 85 கோடிக்கு 68 லட்சம். 80 லட்சமாக இருந்தது 1.88 கோடி ஆகிவிட்டது. நீங்கள் பார்த்த இரண்டு மடங்கு இதுதான்.

இன்னொன்றும் உண்டு. சீஸ் செய்த வண்டிகளை நிறுத்தும் யார்டில் 2009இல் நின்றிருக்கிறேன். சாதாரண நாளில் ஐந்தாறு வண்டி நிற்கும் இடத்தில் முப்பது வண்டி. வாங்க வந்தவர்களும் லாரிக்காரர்கள்தான், அவர்களுக்கும் லோடு இல்லை. கேட்ட விலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கடன்கள் நிற்கும் காலமும் வண்டி விலை விழும் காலமும் ஒன்றாகவே வரும். 40 சதவீதம் என்று போட்டதை 50 ஆக்கிப் பாருங்கள், 1.88 கோடி 2.35 கோடி ஆகிறது.

மூன்றாவதாக, இனி வரப்போகும் பொருளாதார நிலைமையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அமெரிக்க வங்கியான ஜே.பி. மார்கன் 2020இன் முதல் காலாண்டில் ஒதுக்கியது ஏறக்குறைய 830 கோடி டாலர். அந்தக் காலாண்டில் உண்மையில் தள்ளுபடியானது சுமார் 150 கோடிதான். மீதி பெரும்பாலும் கொரோனாவால் இனி வரும் என்று நினைத்த நஷ்டத்துக்கு. அமெரிக்க விதி இன்னும் கடுமையானது, எல்லாக் கடனுக்கும் முதல் நாளிலிருந்தே முழு ஆயுள் கணக்கு. ஆனால் அரசு உதவிப் பணம் வந்தது, பயந்த அளவுக்குக் கடன்கள் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு முதல் காலாண்டில் 520 கோடி டாலரைத் திரும்ப எடுத்து லாபத்தில் சேர்த்தார்கள். மதிப்பீடு தவறலாம், இரு பக்கமும் தவறலாம். அதை மறைத்து உங்களுக்கு எழுத மாட்டேன்.

ஆனால் ஒன்றை நீங்கள் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். வீட்டுக்கடனைவிட லாரிக் கடனுக்கு ஏன் வட்டி அதிகம்? சிலர் கட்டமாட்டார்கள் என்று கடன் கொடுக்கும் அன்றே தெரியும், அந்த நஷ்டத்தை எல்லோர் வட்டியிலும் பரப்பி வாங்குகிறார்கள். ஒழுங்காகக் கட்டும் 98 பேரும், கட்டாத 2 பேருக்காக மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அந்தக் கூடுதல் பணம் லாபமே இல்லை. அதையும் லாபம் என்று எழுதி, டிவிடெண்டாகப் பங்குபோட்டு, நஷ்டம் வரும் அன்று கையை விரிப்பது விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிடுவது. 'லாபத்தைக் குறைத்துவிட்டார்கள்' என்கிறீர்களே, அது முதலில் உங்கள் லாபமா? உங்கள் அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள், ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வார்.

நிறுவனம் விளையாட முடியாதா என்றால், முடியும். ஏமாற்றுபவர்கள் பெரும்பாலும் ஒதுக்கீட்டைக் குறைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். மார்ச் முடிவதற்குள் பழைய பாக்கியை அடைக்கப் புதுக் கடன் கொடுத்துவிட்டு, 'கணக்கு நேராகிவிட்டது' என்று எழுதுவதை நானே பார்த்திருக்கிறேன். அந்த லாரிக்காரருக்கும் முதலில் அதைத்தான் செய்தார்கள். மேலும் ஒரு லட்சம் அவர் தலையில் ஏறியது, வண்டி போவது மட்டும் நான்கு மாதம் தள்ளிப்போனது.

ஆண்டறிக்கையின் பின்பகுதிக் குறிப்புகளில், ஆண்டுத் தொடக்கத்தில் எந்த ஸ்டேஜில் இருந்த கடன் ஆண்டு முடிவில் எங்கே போனது என்று ஓர் அட்டவணை இருக்கும். நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். ஸ்டேஜ் 3 என்றால் வாராக்கடன். அதில் புதிதாக விழுந்தவற்றில் எவ்வளவு ஸ்டேஜ் 2இலிருந்து வந்தது, எவ்வளவு ஸ்டேஜ் 1இலிருந்து நேராக வந்தது என்று பாருங்கள். ஆண்டுக்கு ஆண்டு பெரும்பகுதி நேராக 1இலிருந்தே வருகிறது என்றால், அந்த நிறுவனத்தில் யாரும் வாசலில் நிற்கும் வண்டியைப் பார்ப்பதில்லை. உங்கள் நிறுவனத்தின் அட்டவணையை எடுத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், சேர்ந்து படிப்போம்.