மாமனார், மாமியார் எத்தனை நாள் தங்கலாம்?

கேள்வி: கடலூரில் நானும் கணவரும் சேர்ந்து கடனில் வாங்கிய வீட்டில் இருக்கிறோம். ஜிப்மர் சிகிச்சைக்கென்று பண்ருட்டியிலிருந்து வரும் மாமனார், மாமியார் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள். என் அம்மா இரண்டு நாள் இருந்தாலே கணவர் முகம் சுளிக்கிறார். இதைச் சட்டப்படி கட்டுப்படுத்த முடியுமா? அம்மா வீட்டுக்குப் போய்விடட்டுமா? – ஒரு வாசகி

பதில்: சகோதரி, உறவினர் எத்தனை நாள் தங்கலாம் என்று எந்தச் சட்டமும் வரையறுக்கவில்லை. வீடு இருவர் பெயரிலும் இருப்பதால் அவர் தம் பெற்றோரை அழைத்துவரலாம். உங்கள் அம்மாவை அழைத்துவர உங்களுக்கும் அதே உரிமை உண்டு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் மகனோடு மகளையும் பொறுப்பாக்குகிறது. கணவரிடம் பேசும்போது இதை முதலில் வையுங்கள். மாமனார் வரக்கூடாது என்பதைவிட, இரு வீட்டாருக்கும் ஒரே அளவு என்பது வலுவான கோரிக்கை.

இந்த வேறுபாடு நீதிமன்றத்திலும் முக்கியம். 2016இல் நரேந்திரா எதிர் மீனா வழக்கில், தகுந்த காரணமின்றித் தன்னைச் சார்ந்த பெற்றோரைப் பிரிந்து வருமாறு கணவரைத் தொடர்ந்து வற்புறுத்துவது கொடுமை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நாட்களை வரையறுக்கக் கேட்பது அதுவல்ல. ஆனால் "உங்க அப்பா இனி வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று கோபத்தில் அனுப்பும் ஒரு வாட்ஸ்அப் செய்தி, பின்னாளில் விவாகரத்து மனுவில் ஆவணமாக வந்து நிற்கும்.

சொல்லாமல் அம்மா வீட்டுக்குப் போக வேண்டாம். ஒரு வாரம் போவது தவறில்லை. திரும்பும் தேதியைச் செய்தியில் எழுதிவிட்டுப் போங்கள். இந்து திருமணச் சட்டப்படி, கைவிட்டுச் சென்றதாகச் சொல்ல, பிரியும் எண்ணத்தோடு தொடர்ந்து 2 ஆண்டுகள் விலகியிருக்க வேண்டும். ஆனால் நீங்கள் திரும்பாமல் இருந்தால், சேர்ந்து வாழக் கோரும் மனுவை அவர் அதற்கு முன்பே போடலாம். அந்த வீட்டில் வசிக்கும் உரிமையை 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமும் உங்களுக்குத் தருகிறது. அடி, மிரட்டல், வீட்டை விட்டு வெளியேற்றுதல் இருந்தால் மட்டும் பாதுகாப்பு அலுவலரிடம் போங்கள். விருந்தினர் தங்குவதை மட்டும் காரணமாக்கி மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் வழக்கு நிற்காது, பேச்சுவார்த்தையும் கெடும்.

உங்களுக்கு ஏற்ற இடம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. வழக்கு இல்லாமலே, கட்டணமின்றி, வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுக்கலாம். கணவரை அழைத்து சமரசம் பேச வைப்பார்கள். இலவச உதவி எண் 15100.

போகும்போது ஒரு வரைவு எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சை வருகையையும் சாதாரண வருகையையும் பிரித்து எழுதுங்கள். பெரும்பாலும் இவை இரண்டும் கலப்பதால்தான் சண்டை முற்றுகிறது. உதாரணமாக, ஜிப்மர் சீட்டில் உள்ள தேதிக்கு முன்னும் பின்னும் 2 நாள். மற்றபடி எந்தப் பக்கத்துப் பெற்றோரும் ஒரு முறைக்கு 10 நாள், ஒரு வாரம் முன்பே தகவல். அறுவை சிகிச்சை என்றால் நாள் கணக்கில்லை, ஆனால் அந்த நாட்களில் விடுப்பு எடுப்பதும் துணைக்குப் போவதும் யார் என்பதும் அதில் இருக்கட்டும். பத்து நாள் மீறினால் அமீனா வந்து யாரையும் அனுப்பிவைக்க மாட்டார். அதனால் அவர் மனதார ஒப்புக்கொள்ளும் எண்ணையே எழுதுங்கள்; 6 மாதம் கழித்து இருவரும் உட்கார்ந்து திருத்தலாம் என்றும் சேர்த்து, இரண்டு பிரதிகளில் கையெழுத்திடுங்கள்.