ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியில் தங்கத்தை இறக்கி மேட் செய்வது

கேள்வி: எதிரியிடம் வெட்டி எடுத்த தங்கக் காய் கையில் இருந்தும் ராஜா தப்பிவிடுகிறது. அதைப் பலகையில் எங்கே இறக்க வேண்டும்?

ராஜாவுக்கு நேர் முன்கட்டத்தில். ஆனால் அந்தக் கட்டத்தை உங்கள் இன்னொரு காய் காத்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ராஜாவே தங்கத்தைத் தின்றுவிடும்.

கட்டங்களில் முதல் எண் நெடுவரிசை, அடுத்தது குறுக்கு வரிசை. எதிரி ராஜா கடைசி வரிசையில் 5-1இல், உங்கள் சிப்பாய் 5-3இல் என்று வையுங்கள். 5-2இல் தங்கத்தை இறக்கினால் ஆட்டம் முடிந்தது. 4-1, 5-1, 6-1, 4-2, 6-2 ஐந்தையும் தங்கம் ஒன்றே அடிக்கிறது, அதைச் சிப்பாய் காக்கிறது. ஒட்டி நின்று செக் கொடுப்பதால் இடையில் காய் இறக்கித் தடுக்கவும் வழியில்லை.

அதே இடத்தில் வெள்ளியை இறக்கிப் பாருங்கள்: வெள்ளி பக்கவாட்டில் போகாது, ராஜா 4-2 அல்லது 6-2 வழியாக நழுவும். அதனால்தான் தங்கத்தைக் கடைசி அடிக்கு வைத்திருக்கச் சொல்கிறார்கள்.

இறக்குமுன் எதிரியின் தங்கம் 4-1 அல்லது 6-1இல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அது 5-2இல் வெட்டும். நீங்கள் சிப்பாயால் திருப்பி வெட்டினால் அதை ராஜா தின்னும். கையில் தங்கம் மிஞ்சும், காக்கும் சிப்பாய் மிஞ்சாது.

கையிலுள்ள சிப்பாயை இறக்கி மேட் செய்வது மட்டும் விதிப்படி கூடாது, செய்தால் தோல்வி. பலகையில் ஏற்கெனவே நிற்கும் சிப்பாயை நகர்த்தி மேட் செய்யலாம்.