பயிற்சிப் பொறியாளருக்கு மினிட்ஸ் எழுதும் வேலை வந்தால்

பி.இ. முடித்துத் தொழிற்சாலையில் சேர்ந்த உங்களை, மூன்று பிரிவுகள் கூடும் கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 'இது கிளார்க் வேலை இல்லையா?' என்று கேட்கிறீர்கள். இல்லை. எந்தப் பிரிவின் வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பது புதிதாகச் சேர்ந்தவருக்கு இவ்வளவு சீக்கிரம் வேறெங்கும் தெரியவராது.

யார் என்ன பேசினார்கள் என்பதை வரிக்கு வரி எழுத வேண்டாம். எடுத்த முடிவுகள் இரண்டு மூன்று வரிகள். அதற்குக் கீழே ஓர் அட்டவணை: வேலை, பொறுப்பாளர், கெடு தேதி, நிலை. அவ்வளவு போதும்.

பேக்கிங் பெட்டியை மாற்றுவது பற்றி 3ஆம் தேதி திங்கட்கிழமை கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். 'பர்ச்சேஸ் பிரிவு: புதிய பெட்டி பார்க்க வேண்டும், விரைவில்' என்று எழுதினால் அது நடக்காது. பிரிவைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது, ஓர் ஆளைத்தான் கேட்க முடியும். அங்கிருக்கும் நான்கு பேரும் மற்றவர் பார்ப்பார் என்றுதான் இருப்பார்கள். 'சப்ளையரிடமிருந்து 3 மாதிரிப் பெட்டிகள் வாங்கி குவாலிட்டியிடம் ஒப்படைப்பது – செல்வி – 7ஆம் தேதி, வெள்ளி' என்று எழுதுங்கள். ஒரு வேலைக்கு ஒரே பெயர்தான். உதவுபவர் பெயரை வேலை விவரத்துக்குள் சேர்த்துக்கொள்ளலாம். தேதியோடு கிழமையும் இருந்தால், ஞாயிறன்று கெடு வைக்கும் தவறு அங்கேயே தெரிந்துவிடும்.

பல பிரிவுக் கூட்டங்களில் அதிகம் சறுக்குவது, இந்த வேலையை நம்பியிருக்கும் அடுத்த வரியில்தான். பெட்டியைக் கீழே போட்டுச் சோதிக்கும் டிராப் டெஸ்டுக்கு குவாலிட்டிக்கு இரண்டு வேலை நாள் வேண்டும். கூட்டத்தில் அவர்களும் '7ஆம் தேதி' என்று சொல்லியிருப்பார்கள். மாதிரியே அன்றுதான் வருகிறது! சனி, ஞாயிறு விடுமுறை என்றால் 11ஆம் தேதி செவ்வாய்தான் சரி. இதைக் கூட்டம் கலைவதற்குள் கேட்டுவிடுங்கள். எல்லா வரிகளையும் பெயர், தேதியோடு கடைசி ஐந்து நிமிடத்தில் சத்தமாக வாசித்தால் இப்படிப்பட்ட முரண்கள் வெளியே வந்துவிடும். வராதவர் பெயரில் வேலை விழுந்திருந்தால், மின்னஞ்சல் அனுப்பும் முன் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். பலர் பார்க்கும் மின்னஞ்சலில்தான் அவருக்கே செய்தி தெரிகிறது என்றால், முதல் பதில் மறுப்பாகத்தான் வரும்.

அன்று மாலையே அனுப்புங்கள். பொறுப்பாளர்களை To-விலும் பிரிவுத் தலைவர்களை CC-யிலும் போடுங்கள். அட்டவணையை மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்டுங்கள். ஷாப்ஃப்ளோரில் நிற்பவர் கைபேசியில் இணைப்பைத் திறந்து பார்க்கமாட்டார். 'திருத்தம் இருந்தால் நாளை மாலை 5 மணிக்குள் தெரிவிக்கவும்' என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள்.

கெடு தள்ளிப்போனால் பழைய தேதியை அழிக்காதீர்கள். பக்கத்திலேயே புதியதை எழுதுங்கள்: 7, 12, 18. அடுத்த கூட்டத்தை இந்த முடியாத வரிகளிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். மூன்று தேதிகள் வரிசையாக நின்றால், ஏன் என்று செல்வியிடம் கேட்பது நீங்களாக இருக்க வேண்டியதில்லை. தலைமை தாங்குபவரே கேட்பார்.