தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரச் சாலைப் பலகைகளைத் தமிழில் சொல்வது: கேள்வி பதில்

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அண்ணா, ஊரிலிருந்து எங்கள் கோயிலுக்குப் புதுக் குருக்கள் வந்திருக்கிறார். 'ரோபோட்ஸ் அவுட் ஆஃப் ஆர்டர், ட்ரீட் ஆஸ் ஃபோர்-வே ஸ்டாப்' பலகையை 'ரோபோக்கள் பழுது, நால்வழி நிறுத்தமாகக் கருதவும்' என்று எழுதிக் கொடுத்தேன். அங்கே எந்த பஸ் நிற்கும் என்று கேட்கிறார்.

அவர் கேட்டது சரிதான். நிறுத்தம் என்றால் நம் ஆளுக்கு பஸ் ஸ்டாப். ரோபோ என்றால் நடக்கும் பொம்மை. இங்கேயோ அது சிக்னல் விளக்கு. இப்படி எழுதுங்கள்: "சிக்னல் வேலை செய்யவில்லை. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கோட்டருகே முழுதாக நிற்கவும். முதலில் வந்து நின்றவர் முதலில் போவார்." கடைசி வாக்கியம் பலகையில் கிடையாது. இங்கே ஓட்டிப் பழகியவருக்குச் சொல்லத் தேவையில்லை என்று விட்டிருக்கிறார்கள். சிக்னல் அணைந்தால் ஹாரன் அடித்து முண்டுபவருக்கே வழி என்று பழகி வந்தவருக்கு அந்த வாக்கியம்தான் முக்கியம். எழுதியதும் அவரிடமே காட்டி, "இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து: அப்போது ரோபோ என்ற சொல்லையே தூக்கிவிடலாமே?

கூடாது. வழி கேட்டால் "இரண்டாவது ரோபோவில் இடது பக்கம்" என்றுதான் சொல்வார்கள். ஒரு தடவை "சிக்னல், இங்கே ரோபோ என்பார்கள்" என்று எழுதிவிடுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து: வலப்பக்கம் இருப்பவருக்குத்தானே முதல் வழி? முப்பது வருடமாக ஓட்டுகிறேன்.

பெரிய ரவுண்டானாவில் நீங்கள் சொல்வது சரி. நால்வழியில் வந்து நின்ற வரிசைதான்.

மீண்டும் அவரே: இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்து நின்றால்?

அங்கே உங்கள் கட்சிக்கும் ஆள் உண்டு. நான் கையைக் காட்டி மற்றவரை அனுப்பிவிடுவேன். இந்தச் சண்டையைக் குருக்களின் தாளில் எழுத வேண்டாம்.

டோங்காட்டிலிருந்து: 'ஹைஜாக்கிங் ஹாட் ஸ்பாட்' என்பதற்குக் 'கடத்தல் மையம்' சரியா?

கடத்தல் என்றதும் தங்கக் கடத்தல்தான் நினைவுக்கு வரும், தனக்கு இல்லை என்று போய்விடுவார். "இங்கே காரைப் பறிப்பார்கள். கதவைப் பூட்டிக் கண்ணாடியை ஏற்றுங்கள். நிற்கும்போது சுற்றிலும் பாருங்கள்." அவ்வளவு போதும். பலகை இருப்பதாலேயே சிவப்பு விளக்கைத் தாண்டலாம் என்று சிலர் சேர்த்துச் சொல்கிறார்கள். பலகையில் அப்படி எதுவும் இல்லை, நீங்களும் சேர்க்காதீர்கள்.

டர்பனிலிருந்து: என் தமிழ்ப் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்துத் தருவீர்களா?

அது வேறு வேலை, அக்கா. உயர் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம் போங்கள்.

பெயர் இல்லாமல்: ரோபோவுக்குத் 'தானியங்கி' நல்ல தமிழாக இருக்குமே?

மேலே படியுங்கள், தம்பி.