மலை ஏறும்போது இன்ஜினில் தட்டல்: பேரிங்தானா?

கேள்வி: எங்களுது 2013 மாடல் பெட்ரோல் காருங்க, 95,000 கி.மீ. ஓடியிருக்குது. திம்பம் மலை ஏறும்போது மூணாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் ‘கிணிகிணி’ன்னு தட்டுது, ரெண்டாவதுக்கு மாத்தினால் நின்னுடுது. பேரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும்கிறார் மெக்கானிக். இறக்கலாமுங்களா? – வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: இப்போதைக்கு சம்மதிக்காதீர்கள். கியரைக் குறைத்ததும் அடங்குகிற மெல்லிய உலோகச் சத்தம் பெரும்பாலும் பேரிங்கினால் வருவதில்லை. பிளக் பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடிப்பதால் வருவது. சுற்று குறைந்து சுமை கூடும்போதுதான் இது தலைகாட்டும்.

முதலில் பேரிங் பற்றிய சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானபின் நியூட்ரலில் 2,500 ஆர்.பி.எம். வரை ஏற்றி, சட்டென விடச் சொல்லுங்கள். கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்திருந்தால் அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று கனமாகக் கேட்கும்; சுமையே இல்லாதபோதும் கேட்கும். அப்படிக் கேட்டால், ஒவ்வொரு இன்ஜெக்டர் சாக்கெட்டாகச் சில விநாடி கழற்றிப் பார்க்கட்டும். எந்த சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் குறைகிறதோ, சந்தேகம் அங்கேதான். கேஜ் மாட்டி ஆயில் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். ஆயிலில் உலோகத் துகள் மின்னினால் வண்டியை ஓட்டாதீர்கள், கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

நியூட்ரலில் சத்தம் இல்லையென்றால் பெட்ரோலுக்கு வாருங்கள். டேங்க் ரிசர்வுக்கு வந்ததும் வேறு பம்பில் ஆக்டேன், அதாவது தானாக வெடிக்காமல் தாங்கும் திறன், கூடிய பெட்ரோல் 15 லிட்டர் போட்டு, அதே மலையில், அதே கியரில் ஏறிப் பாருங்கள். பிரீமியம் என்ற பெயரை நம்பாமல் ஆக்டேன் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பம்பில் அடர்த்தி பார்ப்பது உங்கள் உரிமைதான், ஆனால் அது ஆக்டேனைச் சொல்லாது.

சத்தம் நின்றுவிட்டால் பழைய பம்பின் மேல் பழி போட அவசரப்பட வேண்டாம். கார்பன் படிந்திருந்தாலும், பிளக் பொறி விடும் டைமிங் முந்தியிருந்தாலும், நல்ல ஆக்டேன் அதை மூடி மறைத்துவிடும். ஆகவே அடுத்த தடவை அதே புதிய பம்பில் சாதாரண பெட்ரோல் போடுங்கள். அப்போதும் அமைதி என்றால் குற்றம் பழைய பெட்ரோலில்தான். சத்தம் திரும்பினால் கோளாறு வண்டிக்குள்.

அதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டும். இந்த மாடல்களில் கையால் திருப்பி வைக்கும் டைமிங் கிடையாது. தட்டலை உணரும் நாக் சென்சாரைக் கேட்டு கம்ப்யூட்டரே பொறியைப் பின்தள்ளுகிறது. ஸ்கேனரில் P0325 என்ற கோளாறு கோடு வந்தால் அந்த சென்சாரையோ அதன் வயரையோ பாருங்கள். சூடான இன்ஜினில் கூலன்ட் வெப்பம் 40 டிகிரி என்று காட்டினால் கூலன்ட் சென்சார் பொய் சொல்கிறது. குளிர்ந்த இன்ஜின் என்று நினைத்து கம்ப்யூட்டர் பொறியை முந்தவிடும். டைமிங் செயின் ஒரு பல் தாண்டியிருந்தால் சத்தத்தோடு இழுவையும் குறைந்திருக்கும்.

இதெல்லாம் சரியென்றால் மிஞ்சுவது கார்பன். ஊருக்குள்ளேயே குறைந்த தூரம் ஓடும் வண்டிகளில் பிஸ்டன் தலையில் படிந்து, எரியும் இடத்தைக் குறுக்கி அழுத்தத்தைக் கூட்டும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே சின்ன கேமரா விட்டு உங்கள் கண்ணுக்கே காட்டச் சொல்லுங்கள். கருப்பாகத் தடித்திருந்தால் மட்டும் கார்பன் கிளீனிங்குக்குக் காசு கொடுங்கள். கழற்றிய பிளக்கின் எண் கம்பெனி சொன்னதுதானா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். சூடு தாங்கும் அளவு மாறிய பிளக்கும் இதே சத்தத்தைக் கொடுக்கும்.